பந்தயப் பலகையில் ஒளிந்திருக்கும் பதினைந்து



கணிதத்தைப் பொதுஜனங்களிடம் கொண்டு செல்ல நிறுவப்பெற்ற இவ்வறக்கட்டளையில் குதிரைப் பந்தயத்தைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம், புக்மேக்கரின் லாபம் குதிரைகளைப் பற்றிய ஞானத்தைக் காட்டிலும் ஒரு கூட்டற்கணக்கையே பெரிதும் நம்பி நிற்கிறது என்பதுதான்.

இங்கிலாந்துப் பந்தய மைதானமொன்றில் ஐந்து குதிரைகள் ஓடுவதாகவும், பலகையில் 6-4, 3-1, 4-1, 4-1, 9-1 என்று எழுதியிருப்பதாகவும் கொள்வோம். 6-4 என்றால், 4 பவுன் கட்டியவருக்கு, குதிரை ஜயித்தால், 6 பவுன் லாபமும் கட்டிய தொகையுமாக 10 பவுன் கிடைக்கும். ஆகவே 100 பவுன் பெற 40 கட்டவேண்டும். வலப்புற எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்குவதே முறை. அவ்வாறே மற்றவை 25, 20, 20, 10 ஆகின்றன. ஐந்தையும் கூட்டினால் 115.

ஏதேனும் ஒரு குதிரை ஜயிப்பது நிச்சயமாதலால் நியாயமான மொத்தம் நூறுதான். மேற்பட்ட பதினைந்தையே ‘ஓவர்ரவுண்ட்’ என்கிறார்கள். பணம் இதே விகிதாசாரத்தில் வந்து சேர்ந்தால், எந்தக் குதிரை வந்தாலும் புக்மேக்கர் 115 வாங்கி 100 கொடுப்பார். வசூலில் அவர் பங்கு 15-ஐ 115-ஆல் வகுத்த ஈவு, அதாவது சுமார் 13 சதவீதமேயன்றி, பலர் எண்ணுவதுபோல் 15 அன்று.

இப்பதினைந்து எல்லாக் குதிரைகள்மீதும் சமமாகச் சுமத்தப்படுவதில்லை என்பதே இதில் நுட்பமான விஷயம். புக்மேக்கரின் அந்தரங்க மதிப்பீடு 36, 22, 18, 17, 7 என்றிருந்ததாகக் கொள்வோம். முதற்குதிரைக்கு ஏறத்தாழ 7-4 கொடுத்திருக்கவேண்டியவர் 6-4 கொடுக்கிறார். கடைசிக் குதிரைக்கு 13-1 கொடுத்திருக்கவேண்டியவர் 9-1 கொடுக்கிறார். முன்னதில் நூறு பவுன் கட்டுபவர் சராசரியாகப் பத்தை இழக்க, பின்னதில் கட்டுபவர் முப்பதை இழக்கிறார். அற்பச் சம்பாவிதமுள்ள குதிரைகள்மீது ஜனங்கள் அளவுக்கு மிஞ்சிக் கட்டுகிறார்கள் என்பதை அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்த கிரிஃபித் 1949-இல் எடுத்துக்காட்டினார். அந்த ஆசைக்குத்தான் இங்கே விலை வைக்கப்படுகிறது. ஆதலால் ஒவ்வொரு எண்ணையும் 115-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் உண்மையான சம்பாவிதம் கிட்டிவிடும் என்று நம்புவது பிழை. அவ்வழியில் கடைசிக் குதிரைக்கு 7-க்குப் பதில் 8.7 வந்து நிற்கும்.

புக்மேக்கரின் இந்த லாபம் உத்தரவாதமானதும் அன்று. 115 பவுனில் 60 முதற்குதிரையின்மேலேயே விழுந்து அதுவும் ஜயித்துவிட்டால், 150 கொடுத்து 35 பவுன் நஷ்டப்பட வேண்டும். அதனால்தான் பணம் ஒரு பக்கம் சாயக் கண்டதும் அவர் அந்த விகிதத்தைச் சுருக்கி மற்றவற்றை நீட்டுகிறார்.

அம்முதற்குதிரை கடைசி வேளையில் விலக்கப்பட்டாலோ, எஞ்சியவற்றின் மொத்தம் 75 ஆகிக் கணக்குத் தலைகீழாகும். அதற்கென்றே இங்கிலாந்தில் டாட்டர்ஸால்ஸ் விதி 4 என ஒன்றுண்டு: விலகிய குதிரையின் விகிதம் 6-4 எனில், விலகுமுன் கட்டியவர்களுடைய லாபத்தில் நூற்றுக்கு 40 கழிக்கப்படும். அப்போது 3-1 என்பது 1.8-க்கு 1 ஆகச் சுருங்கும். நான்கையும் அவ்வாறே மாற்றிக் கூட்டினால், மொத்தம் மீண்டும் 110-ஐ எட்டிவிடுகிறது.