சொல்லியிருந்தா இருந்திருப்போம்: ஒரு ஹிந்தி வாக்கியமும் நாலு நாள் கூலியும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அகர், தோ வச்சு ஹிந்தியில பேசத் தெரியுது, ஆனா நடக்காமப் போனதைச் சொல்ல வரலை"ன்னு. எனக்கும் வரலை. அதனால எங்க மாமா ஒரு ஆளோட கூலியைப் பிடிச்சு வச்சார். இன்னைக்கு அந்தக் கதை.

எங்க ஊர் புதுக்கோட்டை. மாமா வீடு ஆலங்குடி பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ அவர் தோப்புல தென்னை சாய்ஞ்சது, ஓட்டு வீடும் போச்சு. ரொம்ப நாள் கழிச்சுதான் மாடி வீடு கட்ட ஆரம்பிச்சார். கம்பி கட்டுற வேலைக்கு பீகார்ல இருந்து வந்த நாலு பேர். நான் சின்ன வயசுல ஹிந்தி பிரச்சார சபா பரீட்சை மத்யமா வரைக்கும் எழுதினவ. அதனால மொழிபெயர்ப்பாளர் வேலை என் தலையில.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை தளம் கான்கிரீட், நாலு பேரும் வேணும்னு மாமா சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த டீம்ல மூத்த பையன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னான்:

"தீதி, ஆப் கல் பதாதே தோ ஹம் ருக் ஜாதே."

'கல்'னா நாளைக்கு. 'பதா'ன்னா சொல்றது. 'ருக்'னா தங்குறது. எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும்! மாமாகிட்ட சொன்னேன்: "நாளைக்கு உறுதியாச் சொன்னா இருப்பாங்களாம்." மாமாவும், சரி, காலைல சொல்லிடுவோம்னு போயிட்டார். வெள்ளிக்கிழமை காலைல போய்ப் பார்த்தா ஷெட் காலி. ராத்திரியே ரயில் ஏறிட்டாங்க. மிக்சர் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. "வாக்குக் கொடுத்துட்டு ஓடிட்டானுங்க"ன்னு மாமா கொதிச்சார். பாக்கி நாலு நாள் கூலியைத் தர முடியாதுன்னுட்டார்.

அந்தப் பையன் சொன்னது என்ன தெரியுமா? "நேத்தே சொல்லியிருந்தா இருந்திருப்போம்." அதாவது, இருக்க முடியாது, டிக்கெட் போட்டாச்சு. அவன் நாகரிகமா 'முடியாது'ன்னான். நான் அதை 'முடியும்'னு மாத்திட்டேன்.

எங்க சறுக்கினேன்னு பார்ப்போம். முதல்ல, அவன் 'அகர்' சொல்லவே இல்லை. பேச்சுல அதை விட்டுடுவாங்க. 'தோ'வை அவ்வளவு சுலபமா விட மாட்டாங்க. நம்ம 'வந்தா', 'சொன்னா'ல இருக்கிற அந்த 'ஆ' செய்ற வேலையை அங்கே பெரும்பாலும் தோதான் செய்யுது. காது அகருக்குக் காத்திருந்தா வாக்கியம் தாண்டிப் போயிடும்.

ரெண்டாவது, இந்த 'கல்'. ஹிந்தியில நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான். வினைச்சொல்லைப் பார்த்துதான் எதுன்னு முடிவு பண்ணணும். அவன் நாளைக்குன்னு நினைச்சிருந்தா இப்படிச் சொல்லியிருப்பான்: "ஆப் கல் பதாயேங்கே தோ ஹம் ருக் ஜாயேங்கே." ரெண்டு பக்கமும் 'ஏங்கே' வருது பாருங்க, அது எதிர்காலம். அவன் சொன்னது பதாதே, ஜாதே. ரெண்டு பக்கமும் 'தே'. பின்னாடி ஹை, ஹைங்னு எதுவும் இல்லை.

இந்த 'இல்லை'தான் விஷயமே. "பானி ஆதா ஹை"ன்னா தண்ணி வருது, வழக்கமா வரும். அதுல ஹையை எடுத்துட்டு அகர்-தோவுக்குள்ள வைங்க: "அகர் பானி ஆதா தோ தான் பச்தா." தண்ணி வந்திருந்தா நெல்லு பிழைச்சிருக்கும். வரலை, பிழைக்கலை. ஹை இருந்தா நடக்கிற விஷயம், ஹை போனா நடக்காத விஷயம். ஹையைச் சேர்த்து "அகர் பானி ஆதா ஹை தோ தான் பச்தா ஹை"ன்னா, தண்ணி வந்தா நெல்லு பிழைக்கும்ங்கிற பொதுவான உண்மை. காய்ஞ்ச வயலைப் பார்த்து நிக்கிறவர்கிட்ட இதைச் சொன்னா அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. "பானி நஹீ ஆதா"ன்னும் ஹை இல்லாம சொல்வாங்க. அதுக்கு 'தண்ணி வர்றதில்லை'ன்னுதான் அர்த்தம். எதிர்மறையில ஹை தானா உதிர்ந்துடும். அதனால ஹை இல்லைன்னதும் குதிக்காதீங்க. தோவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தா, தே, தி வருதான்னு பாருங்க.

சரி, கதைக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு அவன்கிட்ட இருந்து வாட்ஸ்அப் ஆடியோ. கோபம் இல்லை, வருத்தம்தான். "தீதி, ஹம்னே ஜூட் நஹீ போலா. அகர் ஆப்னே புத்வார் கோ பதாயா ஹோதா தோ ஹம் ருக் கயே ஹோதே."

நாங்க பொய் சொல்லலை, புதன்கிழமையே நீங்க சொல்லியிருந்தா இருந்திருப்போம். இந்த தடவை அவன் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கலை. கல்லை எடுத்துட்டு புதன்கிழமை. பதாதேக்குப் பதிலா 'பதாயா ஹோதா'. வெறும் 'தே' வடிவம் இன்னைக்கு நடக்காததுக்கும் வரும், நேத்து நடக்காததுக்கும் வரும். 'யா ஹோதா' வந்துட்டா அது முடிஞ்சுபோன காலம் மட்டும்தான். இதுல இன்னொண்ணு: 'ஆப்' இப்போ 'ஆப்னே' ஆயிடுச்சு. சொல்றது, செய்றது மாதிரி வினைகளுக்கு யா ஹோதா வடிவத்துல 'னே' வரும். வெறும் பதாதேல வராது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே பதில் டைப் பண்ணேன். 'எனக்குப் புரிஞ்சிருந்தா மாமாகிட்ட சொல்லியிருப்பேன்'னு மனசுல தமிழ்ல ஓடுது. அதையே ஹிந்தியில போட்டேன்: "அகர் மை ஸமஜ் பாதி தோ மைனே மாமா கோ பதாயா ஹோகா."

அவன் திருப்பிக் கேட்டான்: "அப்போ சொன்னீங்களா, இல்லையா?"

இந்தத் தப்புக்குக் காரணம் நம்ம தமிழ். 'அவன் வந்திருப்பான்'னு சொல்லிப் பாருங்க. கூப்பிட்டிருந்தா வந்திருப்பான், அதாவது வரலை. மணி எட்டாச்சு, வந்திருப்பான், அதாவது அநேகமா வந்தாச்சு. ஒரே சொல்லுக்கு நம்மகிட்ட ரெண்டு வேலை. ஹிந்தியில ரெண்டும் வேற வேற. வராதவன் 'ஆயா ஹோதா'. அநேகமா வந்தவன் 'ஆயா ஹோகா'. நான் எழுதினது 'நான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்'ங்கிற மாதிரி ஆயிடுச்சு. ஒரு எழுத்துதான்! எழுத வேண்டியது "மைனே பதாயா ஹோதா". இல்லைன்னா சுருக்கமா "பதா தேதி". நான் பொண்ணுங்கிறதால தேதி, ஆம்பளைன்னா தேதா.

திருத்தி அனுப்பினேன். அப்புறம் மாமாகிட்ட உட்கார்ந்து, தப்பு அவங்களோடது இல்லை, என்னோடதுன்னு சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசலை. "அப்போ அன்னைக்கே முடியாதுன்னுதான் சொன்னானா"ன்னு மட்டும் கேட்டார். ஆமான்னேன். அன்னைக்கு ராத்திரியே நாலு நாள் கூலியையும் போன்ல அனுப்பிட்டார்.

மேல் மாடிக்கு அவங்களேதான் மறுபடி வந்தாங்க. அதுக்கு சனிக்கிழமை கான்கிரீட்னு மாமா எனக்கு போன் பண்ணது திங்கட்கிழமை.