பாலை உறைய வைக்கும் ரென்னட்: நாலு லிட்டர் பாலுக்கு எவ்வளவு?

ஜெராம், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் சில வீடுகளில் கறவை மாடு இருக்கிறது. விற்றது போக மூன்று நாலு லிட்டர் பால் மிஞ்சும் நாள்களும் உண்டு. அதைத் தயிராக்குகிறோம், நெய் எடுக்கிறோம், எலுமிச்சம்பழம் பிழிந்து பனீராக்குகிறோம். சீஸ் என்னும் பாலாடைக்கட்டி செய்யலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே ஒரு கேள்வி வருகிறது: "அதில் கன்றுக்குட்டியின் குடலைப் போடுகிறார்களாமே?"

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை சொல்லிவிட்டு, நாலு லிட்டர் பாலுக்கு ரென்னட் எவ்வளவு, அதை எப்படிக் காப்பது என்பதைப் பார்ப்போம்.

எலுமிச்சம்பழம் பாலைத் திரிய வைக்கிறது. ரென்னட் பாலை உறைய வைக்கிறது. இரண்டும் வேறு. பாலிலுள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் மெல்லிய மயிர் போன்ற ஒரு போர்வை உண்டு. அது இருக்கும் வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ரென்னட்டிலுள்ள நொதி அந்த மயிரை மட்டும் சிரைத்துவிடுகிறது. பிறகு பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் துணையால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ள, பால் முழுவதும் ஒரே கட்டியாக, கத்தியால் வெட்டும்படி நிற்கிறது. புளிப்பு ஏறாமலே இது நடப்பதால்தான் சீஸ் வளைந்து கொடுக்கிறது, சூட்டில் உருகுகிறது. பனீர் உருகாது.

இந்த நொதி இயற்கையில் இருக்குமிடம் பால் குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பை. கன்று குடித்த பால் அங்கே உறைந்து தங்கினால்தான் மெல்லச் செரிக்கும். பழைய நாளில் அறுத்த கன்றின் இரைப்பையை உப்பிட்டு உலர்த்தி, ஒரு துண்டை ஊறவைத்துப் பாலில் சேர்த்தார்கள். 1874ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கிறிஸ்டியன் ஹான்சன் அதையே அளவு மாறாத திரவமாக்கி விற்கத் தொடங்கினார். சீஸுக்கு மிகவும் ஏற்றது இதுதான் என்பதை மறுக்க முடியாது. சிரைக்க வேண்டிய இடத்தில் சிரைத்துவிட்டு மற்றப் புரதத்தை அதிகம் தொடாது; மாதக் கணக்கில் வைத்தாலும் கசக்காது. ஆனால் கன்றை வளர்க்கும் வீட்டில் அதை வாங்கி வைக்க மனம் வராது என்பதும் நமக்குத் தெரியும்.

1960களில் கன்றின் இரைப்பைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜப்பானிய விஞ்ஞானி கெய் அரிமா பாலை உறைய வைக்கும் நொதி ஒரு வகைப் பூஞ்சணத்தில் இருப்பதைக் கண்டார். அந்த இனத்தைச் சேர்ந்த பூஞ்சணங்களைத் தொட்டியில் வளர்த்து எடுப்பதே இன்று கடையில் கிடைக்கும் நுண்ணுயிர் ரென்னட். புட்டியில் 'மைக்ரோபியல்' என்று இருக்கும். இதில் பிராணியின் உறுப்பு எதுவும் இல்லை. குறை ஒன்று உண்டு: மற்றப் புரதங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருப்பதால், பல மாதம் பழுக்க வைக்கும் சீஸில் கசப்பு தட்டலாம். மூன்று நாலு நாளில் தின்று தீர்க்கும் நம் சீஸுக்கு அது ஒரு குறையே அல்ல. 1990ஆம் ஆண்டு முதல் மூன்றாவது ஒன்றும் சந்தையில் இருக்கிறது. கன்றின் நொதிக்குரிய மரபுக் குறிப்பை நுண்ணுயிரில் புகுத்தி, கன்று இல்லாமலே அதே நொதியைச் செய்கிறார்கள். பெரிய ஆலைகள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

இந்த இடத்தில் இந்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹலால் முத்திரை இருந்தால் கன்றின் ரென்னட் இல்லை என்று பொருளல்ல. முறைப்படி அறுத்த கன்றிலிருந்து எடுத்ததும் ஹலால்தான். 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிட்டேரியன்' என்ற சொல் புட்டியில் இருக்கிறதா என்று தனியே பார்த்து வாங்குங்கள்.

சரி, காசு கொடுத்து வாங்குவானேன், கொல்லையில் பப்பாளி மரம் இருக்கிறதே என்று கேட்கலாம். பப்பாளிப் பால் பாலை உறைய வைக்கும், உண்மை. இந்தோனேசியாவில் தெற்கு சுலாவெசியின் எண்ரெக்காங் மாவட்டத்தில் 'டங்கே' என்ற சீஸை அப்படித்தான் செய்கிறார்கள். எருமைப் பாலையோ பசும்பாலையோ நன்கு சூடாக்கி, பப்பாளிக் காயைக் கீறி எடுத்த பாலைச் சேர்த்து, திரண்டதைத் தேங்காய்ச் சிரட்டையில் அழுத்தி, வாழையிலையில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். சிரட்டையும் வாழையிலையும் நமக்கும் பஞ்சமில்லாதவை.

ஆனால் பப்பாளிப் பால் போர்வையோடு நிற்பதில்லை. இறைச்சியை மெத்தென்று ஆக்க நாம் பப்பாளிக் காய் போடுகிறோமே, அந்த வேலையையே இங்கேயும் செய்கிறது; புரதத்தைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டுகிறது. ஆகவே கட்டி தளர்ந்து, புரதத்தில் ஒரு பங்கு தெளிநீரோடு போய்விடும். துளி மிஞ்சினால் அன்றைக்கே கசக்கும். இதைவிடப் பெரிய தொல்லை அளவு. மரத்துக்கு மரம், காயின் முற்றலுக்குத் தக்கபடி, வீரியம் மாறும். நேற்று ஐந்து துளியில் உறைந்த பால் இன்று உறையாமல் போகலாம். தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாக்கவும் செய்யும். டங்கே செய்கிறவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் கைகொடுக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நுண்ணுயிர் ரென்னட்டே நல்லது என்பது நம் கருத்து.

இனி நாலு லிட்டர் பாலை எடுத்துக்கொள்வோம். முதற்படியிலேயே பலர் கெட்டுப்போவது பாலைப் பொங்கக் காய்ச்சுவதால். காய்ச்சிய பாலில், அந்த மயிர்ப் போர்வையின் மேல் வேறு புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ரென்னட் போட்டாலும் பால் கஞ்சி போலத்தான் இருக்கும். பெட்டியில் வரும் நீண்ட நாள் பாலும் இதே காரணத்தால் உதவாது. அதற்காகப் பச்சைப் பாலில் செய்வதும் கூடாது. மாட்டின் காசநோயும் கன்று வீச்சு நோயும் அதன் வழி மனிதனுக்கு வரும். பால் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் நிறுத்துங்கள். வெப்பமானி வேண்டும், விரலால் இதை அறிய முடியாது. பிறகு 34 பாகைக்கு ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி நல்ல தயிரைக் கலந்து அரைமணி நேரம் மூடிவையுங்கள். நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு எளிதில் இறங்காது.

ரென்னட்டின் வீரியத்தைப் புட்டியில் ஐ.எம்.சி.யு. என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். மில்லிலிட்டருக்கு 200 என்றிருந்தால் நாலு லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் போதும். 400 என்றிருந்தால் அரை மில்லிலிட்டர். புட்டியிலேயே வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இவ்வளவு சிறிய அளவைக் கரண்டியால் எடுக்க முடியாது. துளி எண்ணுவதும் சரிப்படாது. திரவத்தின் கெட்டிக்குத் தக்கபடி துளி பெரிதும் சிறிதுமாகும். குழந்தைக்கு மருந்து கொடுக்கும், ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். அதை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். தூள் ரென்னட் நெடுநாள் இருக்கும் என்றாலும், நாலு லிட்டருக்கு வேண்டிய இம்மியளவை நம் அடுப்படித் தராசு காட்டாது.

எடுத்த ரென்னட்டை நேரே பாலில் விடாமல், இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் நொதியைக் கெடுக்கும்; ஆகவே கால்மணி நேரம் கொதித்து ஆறிய நீர் வேண்டும். கலக்கியதை உடனே ஊற்றி, ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் கிளறி, பாலின் சுழற்சியை அகப்பையால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அசைத்தால் கட்டி உடையும்.

இப்போது இலேசான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைப் பாலின் மேல் மிதக்க விடுங்கள். எட்டாம் நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கொரு முறை விரலால் மெல்லச் சுற்றிவிடுங்கள். முதலில் தாராளமாகச் சுழலும். ஒரு கட்டத்தில் சுழலாமல் நின்றுவிடும். பால் பிடிக்கத் தொடங்கிய நேரம் அது. ரென்னட் ஊற்றியதிலிருந்து 13 நிமிடம் ஆகியிருந்தால், அதை மூன்றால் பெருக்கி, 39ஆம் நிமிடத்தில் வெட்டலாம். கத்தியைச் சாய்த்துக் குத்தித் தூக்கினால் கட்டி நேராகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த மஞ்சள் நீர் தெளிவாக ஊற வேண்டும். நீர் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் விட்டு, துணியில் வடித்து, உப்பிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய அரைக்கிலோ சீஸ் கிடைக்கும்.

கிண்ணம் ஏழெட்டு நிமிடத்திலேயே நின்றால் ரென்னட் அதிகம். அந்தச் சீஸ் கசக்கக்கூடும். அரைமணி ஆகியும் நிற்காவிட்டால், முதலில் பாலின் சூட்டைப் பாருங்கள், பால் பொங்கியதா என்று நினைத்துப் பாருங்கள். ரென்னட்டைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

ரென்னட்டை 4 பாகைக் குளிரில், வெளிச்சம் படாமல், பெட்டியின் உள்தட்டில் வைக்க வேண்டும். கதவுத் தட்டு ஆகாது. திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். பனிக்கட்டி அறையிலும் வைக்கக் கூடாது. சிரிஞ்சில் எடுத்தது மிஞ்சினால் புட்டிக்குள் திரும்ப விடாதீர்கள். கிடைப்பதில் மிகச் சிறிய புட்டியையே வாங்குங்கள். 50 மில்லிலிட்டர் என்றால், வாரம் ஒரு தடவை செய்யும் வீட்டுக்கு ஏறக்குறைய ஓராண்டு வரும். குளிரில் வைத்தாலும் வீரியம் மாதாமாதம் சிறிது குறையும். மேசை மேல் மறந்து வைத்தால் விரைவில் குறையும்.

எவ்வளவு குறைந்தது என்பதைக் கிண்ணமே சொல்லும். ஒவ்வொரு தடவையும் தேதி, பாலின் சூடு, ரென்னட் அளவு, கிண்ணம் நின்ற நிமிடம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். புட்டி புதிதாக இருந்தபோது 1 மில்லிலிட்டருக்கு 12 நிமிடம் ஆனது, பாலும் சூடும் தயிரும் அதேபோல் இருக்க இப்போது 18 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஐ 18ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வீரியமே மிச்சம். அடுத்த தடவை ஒன்றரை மில்லிலிட்டர் எடுத்தால் பழைய 12 நிமிடம் வந்துவிடும். 24 நிமிடம் ஆகும் அளவுக்குப் போய்விட்டால் புதுப் புட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.