கேட்பது சிபாரிசு அல்ல, இருபது நிமிடம்

(சங்கத்தின் இளையர் பிரிவு நடத்திய சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வேலையிடத்தில் நம்மைவிட மூத்த ஒருவரைக் காப்பிக்கு அழைத்து, "இந்தத் துறையில் நான் அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பது எப்படி? இளையர் பிரிவு எனக்குத் தந்த தலைப்பு இதுதான். இதற்கு ஓர் உரை தேவையா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். அவர்கள் காலத்தில் தேவைப்படவில்லை என்பது உண்மை.

சிராங்கூன் சாலையிலும் தஞ்சோங் பகாரிலும் நம்மவர்கள் சரபத் கடை நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த பையன் அங்கே ஒரு தேநீரோடு உட்கார்ந்தால் போதும். எந்தக் கடையில் ஆள் தேவை, எந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பார், நாணயமாற்றுக் கடையில் சேர என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் காதில் விழும். மாமாவோ பெரியப்பாவோ செய்த தொழிலையே பையனும் செய்தான். அவன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் இருந்தது.

இன்று மகள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மகன் துவாஸில் ஒரு பெரிய கிடங்கில் சரக்கிருப்பைக் கவனிக்கிறான். மாமாவிடம் கேட்டால் துஆ கிடைக்கும், பாசம் கிடைக்கும். அந்த வேலையில் அடுத்த படி எது என்பது அவருக்குத் தெரியாது. நம் சங்கத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அது நமக்குப் பெரிய பலம். ஆனால் ஒருவருக்குத் தெரிந்த செய்தியே மற்றவருக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகருக்கு அருகே, தெரிந்தவர் மூலம் புது வேலைக்கு மாறியவர்களிடம், "செய்தி சொன்ன அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள்?" என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்தான். மற்ற அனைவருக்கும் செய்தி சொன்னவர் எப்போதாவது சந்திக்கும் ஆள். பழைய சக ஊழியர் அல்லது முன்னாள் முதலாளியாகக்கூட அவர் இருந்தார். மின்தூக்கியில் தலையசைத்துவிட்டுப் போகும் மூத்தவர் உங்களுக்கு ஏன் முக்கியமானவர் என்பதற்கு விளக்கம் இதுதான்.

ஆனாலும் நம் பிள்ளைகள் அவரிடம் போவதில்லை. "அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? சிபாரிசு கேட்பதாக நினைக்கமாட்டாரா?" என்று வீட்டிலேயே தடுத்துவிடுகிறோம். சிபாரிசு கேட்டால் அவர் தன் பெயரைப் பணயம் வைக்க வேண்டும். உங்களை நன்றாக அறியாதவர் தயங்குவது நியாயம்தான். அனுபவத்தைக் கேட்டால் அவருக்கு இழப்பு இல்லை. தான் கடந்து வந்த வழியைச் சொல்லப் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். ஆகவே உங்கள் அழைப்பு எதைக் கேட்கிறது என்பது முதல் வரியிலேயே அவருக்குத் தெளிவாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 26 வயதுத் தம்பி ஒருவர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயம் பெற்று, மூன்று ஆண்டுகளாகக் கிடங்கில் வேலை செய்கிறார். அதே நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவுக்கு மாற விரும்புகிறார். எந்தப் பொருள் எவ்வளவு, எப்போது தேவைப்படும் என்று கணிக்கும் பிரிவு அது.

யாரை அழைப்பது? பிரிவின் தலைவரையா? வேண்டாம். அவர் அந்தப் படியில் ஏறி இருபது ஆண்டு ஆகியிருக்கும், வழியே மாறியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிடங்கிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன ஒருவர் இருந்தால் அவர்தான் சரியான ஆள். தம்பியின் சம்பள உயர்வை முடிவு செய்பவராக அவர் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் இருவராலும் மனம் திறந்து பேச முடியாது.

அடுத்தது குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். அதன் பொருள் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நான் கிடங்குப் பிரிவில் சரக்கிருப்பைக் கவனிக்கிறேன். மாதாந்தரக் கூட்டத்தில் உங்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கிடங்கிலிருந்து திட்டமிடலுக்கு மாறியவர் என்று அறிந்தேன். அந்த மாற்றத்துக்கு எப்படித் தயாராவது என்று உங்களிடம் இருபது நிமிடம் கேட்க விரும்புகிறேன். வேலை கேட்டு வரவில்லை. அடுத்த வாரம் செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் 3 மணிக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் சந்திக்கலாமா? வேலை அதிகம் என்றால் பரவாயில்லை."

நீங்கள் யார், ஏன் அவரிடமே கேட்கிறீர்கள், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கடைசி வரி, சங்கடமின்றி மறுக்க அவருக்கு வழிவிடுகிறது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மின்தூக்கியில் பார்க்கும்போது அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நேரம், இடம் பற்றி நமக்கென்று சில கவனங்கள் உண்டு. இங்கே லுஹர் ஏறத்தாழ 1 மணிக்கு வருகிறது. மதிய உணவு வேளையில் சந்தித்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ. காலை 10 மணி அல்லது பிற்பகல் 3 மணி நல்லது. இடத்தை நீங்களே சொல்லிவிட்டால் ஹலால் பற்றி அவர் யோசிக்க வேண்டியதில்லை. நோன்பு மாதமாக இருந்தால் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நடந்துகொண்டே பேசலாம் என்று சொல்லுங்கள். ஆண், பெண் என்ற தயக்கம் இருந்தால் பலர் வந்துபோகும் காப்பிக்கடையோ அலுவலக உணவறையோ போதும். தேக்கா நிலையம் நம் ஆளோடு பேசச் சுகமான இடம்தான். ஆனால் வேறு இடத்தில் வேலை செய்பவரை அவ்வளவு தூரம் வரச் சொல்லாதீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நாம் போவதே மரியாதை. காசு, அழைத்தவர் கொடுப்பது. மூத்தவர் கொடுத்தே தீருவேன் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். கல்லாவின் முன் மல்லுக்கட்ட வேண்டாம்.

பேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் கேள்விதான். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று கேட்டால், "நன்றாக உழை, நிறையப் படி" என்ற பதில்தான் வரும். அவர் பொதுவாகப் பேசத் தொடங்கினால், உங்கள் கேள்வி மிகவும் அகலமாக இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தவுடன் அவர், "உன் தன்விவரத்தை அனுப்பு" என்று சொன்னால், நீங்கள் வேலை கேட்டு வந்திருப்பதாக நினைத்துவிட்டார். அப்போதே, "அதற்கு இன்னும் நான் தயாராகவில்லை, உங்கள் அனுபவத்தைத்தான் கேட்க வந்தேன்" என்று பேச்சைத் திருப்புங்கள்.

நம் தம்பி மூன்று கேள்விகளோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே போன முதல் ஆறு மாதத்தில் எது தெரியாமல் சிரமப்பட்டீர்கள்?" "ஆள் எடுக்கும்போது உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?" "பகுதிநேரப் பட்டப்படிப்பில் இப்போதே சேர வேண்டுமா?" இந்த மூன்றாவது கேள்விதான் குடும்பத்துக்கே முக்கியமானது. பல ஆண்டுகளின் மாலை நேரமும் பல ஆயிரம் வெள்ளியும் அந்தப் பதிலில் தொங்குகின்றன. மூத்தவர் இப்படிச் சொல்லலாம்: "பட்டம் பிறகு உதவும். முதலில், எந்தப் பொருள் ஏன் தீர்ந்துபோகிறது என்று உன்னால் விளக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எக்செல்லில் ஓராண்டுக் கணக்கை அலசத் தெரிய வேண்டும்." அப்படியானால் தம்பியின் முதல் செலவு பட்டப்படிப்பு அல்ல, ஒரு குறுகிய பயிற்சி. 25 வயதான சிங்கப்பூரர்களுக்கு 2016 முதல் வழங்கப்பட்டு வரும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையை அதற்குப் பயன்படுத்தலாம்.

இருபதாவது நிமிடத்தில் நீங்களே, "நேரமாகிவிட்டது" என்று சொல்லுங்கள். அவர் தொடர விரும்பினால் அது அவர் விருப்பம். எழுவதற்கு முன், "இதைப் பற்றி வேறு யாரிடம் கேட்டால் நல்லது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த கதவு திறக்கிறது. அன்று மாலையே இரண்டு வரி நன்றி அனுப்புங்கள்.

பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். தம்பி நிறுத்தவில்லை. அடிக்கடி தீர்ந்துபோகும் பத்துப் பொருள்களின் ஓராண்டுக் கணக்கை, தன் மேலாளரிடம் சொல்லிவிட்டு, எடுத்து அலசினார். ஆறு வாரம் கழித்து, "நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். நான்கு பொருள்களில் தாமதம் ஒரே காரணத்தால் வருகிறது" என்று மூத்தவருக்கு எழுதினார். சொன்னதைச் செய்து காட்டியவரை மூத்தவர் மறக்கமாட்டார். பிறகு அந்தப் பிரிவில் இடம் காலியானால் அவரே சொல்லி அனுப்பக்கூடும். கேட்காமல் வரும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சொல்வது ஒருவரின் அனுபவம். அவர் மாறிய காலத்தில் இருந்த வழி இப்போது அடைபட்டிருக்கலாம். குறைந்தது மூவரிடம் கேட்டு, மூவரும் சொல்வது எது என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தில் பேசிய பேச்சு உங்கள் மேலாளரின் காதுக்கும் போகலாம். ஆகவே அவரைப் பற்றிய குறை எதையும் அந்த மேசையில் வைக்காதீர்கள்.

கடைசியாக, மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒரு பிள்ளை உங்களைக் காப்பிக்கு அழைத்தால் அறிவுரையை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த வேலையை ஏன் விட்டீர்கள், எந்தப் படிப்புக்குக் கொடுத்த பணம் வீணானது என்பதைச் சொல்லுங்கள். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. பிள்ளைகள் தேடி வருவது அதைத்தான்.