உங்க பேஸ்லிப்பில் யார் பெயர் இருக்கு?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் தரமாட்டேங்குது, என்ன பண்றது?" இதுக்கு என் கதையையே சொல்றேன். ஏன்னா நான் தப்பான கதவைத் தட்டியே மூணு வாரத்தை வீணாக்கினவன்.

தண்டலத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை. 2022 ஜூன் 13-ல் குவாலிட்டி லைனில் சேர்ந்தேன். 2024 ஆகஸ்ட் 31 கடைசி நாள். ஒரு மாச நோட்டீஸ் கொடுத்தேன், ஐடி கார்டு, லாக்கர் சாவி எல்லாத்தையும் ஒப்படைச்சேன். ஒரகடத்தில் புது வேலை. அங்கே சேர்ந்து 30 நாளுக்குள் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் கொடுக்கணும்னு சொல்லிட்டாங்க.

பழைய கம்பெனி ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன். கடைசியில் கேட்டுக்கே போய் நின்னேன். ஹெச்ஆர் மேடம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "தம்பி, நீங்க எங்க ரோல்லயே இல்லையே. காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க."

கோபம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல அந்த யூனிஃபார்ம் போட்டிருக்கேன், அந்த லைனில் நின்னிருக்கேன். ஆனா அவங்க சொன்னது உண்மை. பேஸ்லிப்பில் மேலே இருந்தது காண்ட்ராக்டர் பெயர். நான் சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் பார்த்தேன், அந்தப் பெயரைப் படிச்சதே இல்லை.

அன்னைக்கு ராத்திரி பிஎஃப் மெம்பர் போர்ட்டலில் `View` போய் `Service History` திறந்தேன். அடுத்த அதிர்ச்சி அங்கே. ஒரு நிறுவனம் இல்லை, ரெண்டு! 2023 ஏப்ரலில் காண்ட்ராக்டர் மாறியிருக்கார். எனக்கு அதே லைன், அதே சூப்பர்வைசர், அதே கேன்டீன். பேப்பரில் மட்டும் முதலாளி மாறிட்டார். அதாவது ரெண்டாவது காண்ட்ராக்டர் எவ்வளவு நல்ல மனசோட சான்றிதழ் கொடுத்தாலும் அதில் 17 மாசம்தான் வரும். மீதி ஒன்பதரை மாசத்துக்கு முதல் ஆள்கிட்டதான் வாங்கணும்.

இந்த ரெண்டு கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதான் புரிஞ்சது. ரிலீவிங் லெட்டர்னா, "இவர் ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம், இந்தத் தேதியில் விடுவிச்சுட்டோம்" என்பது. கடைசியாக இருந்த முதலாளிதான் அதைத் தரமுடியும். அனுபவச் சான்றிதழ்னா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்பது. அதை ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகத் தரணும்.

ரெண்டாவது காண்ட்ராக்டர் ஆபீஸில் சும்மா "லெட்டர் வேணும்"னு கேட்கலை. ஆதாரில் உள்ளபடி பெயர், எம்ப்ளாயி நம்பர், பதவி, சேர்ந்த தேதி, கடைசி நாள் எல்லாத்தையும் மெயிலில் எழுதி, ராஜினாமா மெயிலையும் கடைசி பேஸ்லிப்பையும் இணைச்சேன். நாலு நாளில் ரெண்டு கடிதமும் வந்தது. ஆனா சான்றிதழில் "2023 முதல் 2024 வரை"ன்னு மட்டும் இருந்தது. திருப்பி அனுப்பி முழுத் தேதி போட வெச்சேன். புது கம்பெனி சரிபார்க்கும்போது பிஎஃப் தேதியோட அது ஒத்துப்போகணுமே.

முதல் காண்ட்ராக்டர்தான் படுத்திட்டார். பிஎஃப்பில் எனக்கு வெளியேறிய தேதியே போடலை. ரெக்கார்டுப்படி நான் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் வேலை பார்க்கிறேன்! நல்லவேளை, இதை நாமே சரிசெய்யலாம். வேலையை விட்டு ரெண்டு மாசம் கழிஞ்சிருந்தா, `Manage` உள்ளே `Mark Exit`. ஆதார் ஓடிபி வரும். கடைசி பிஎஃப் பணம் எந்த மாசத்துக்குக் கட்டியிருக்கோ, அந்த மாசத்துக்குள்ள ஒரு தேதிதான் போடமுடியும். எனக்கு 2023 மார்ச் 31. தப்பாப் போட்டா மாத்தறது பெரும்பாடு, அதனால பாஸ்புக்கைப் பார்த்துட்டுப் போடுங்க.

அவர்கிட்டேர்ந்து சான்றிதழ் மட்டும் வரவே இல்லை. அந்தக் காலத்துக்கு பேஸ்லிப்புகள், பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி மூணையும் கொடுத்து, நடந்ததைப் புது ஹெச்ஆருக்கு எழுதினேன். ஏத்துக்கிட்டாங்க. எல்லா கம்பெனியும் ஏத்துக்கும்னு சொல்லமாட்டேன்.

இப்போ உங்க கையில் ஒரு பிடிமானம் கூடுதலா இருக்கு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் 56-ஆவது பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் காண்ட்ராக்டர் அனுபவச் சான்றிதழ் தரணும்னு சொல்லுது. 'கேட்டால்' என்பதைக் கவனிங்க. கேட்டதுக்குச் சாட்சி வேணும். அதனால போனில் கேட்காதீங்க, மெயிலில் கேளுங்க. பதில் இல்லைன்னா பதிவுத் தபால். அதுக்கும் அசையலைன்னா, அந்த ரசீதோட தொழிலாளர் துறை அலுவலகம். ஆனா அந்தப் பிரிவு பேசறது அனுபவச் சான்றிதழைப் பத்தி மட்டும்தான், ரிலீவிங் லெட்டரைப் பத்தி இல்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் பஸ்ஸில் இதைக் கேட்டுட்டிருந்தா, இறங்கறதுக்குள்ள போன மாச பேஸ்லிப்பைத் திறந்து மேலே யார் பெயர் இருக்குன்னு பாருங்க. வேலையை விட்ட பிறகு நீங்க தட்டவேண்டிய கதவு அதுதான். அடுத்த வாரம் பார்ப்போம்.