சறுக்கி உட்கார்ந்த அம்மாவின் முதுகு வலி

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவ உதவி கேட்டு வருபவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று நம் அலுவலகத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதைப் புரட்டியபோது, ஒரே அம்மாவின் பெயர் மூன்று மாதங்களில் நான்கு முறை வந்திருந்தது. நான்கு முறையும் காரணம் என்ற இடத்தில் 'இடுப்பு வலி' என்றே எழுதியிருந்தோம். நான்கு முறையும் மாத்திரைக்கும் தைலத்துக்கும் பணம் கொடுத்து அனுப்பியிருந்தோம். என்ன வலி, ஏன் வந்தது என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தத் தவறை ஒப்புக்கொண்டுதான் இன்று பேசத் தொடங்குகிறோம்.

அந்த அம்மாவுக்கு வயது 68. மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அவரும் பேரப்பிள்ளைகளும்தான். ஒருநாள் மாலை ஒளு செய்துவிட்டுத் திரும்பும்போது ஈரத் தரையில் கால் சறுக்கி, நின்ற இடத்திலேயே 'பொத்'தென்று உட்கார்ந்துவிட்டார். தலையில் அடி இல்லை, ரத்தம் இல்லை. தானே எழுந்து வந்து தொழுதார். இரவு படுக்கப் போனபோதுதான் நடுமுதுகுக்குக் கீழே வலி சுரீரென்று பிடித்தது.

மறுநாள் அந்த வலி வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கியதுபோல முன்பக்கம் வந்தது. வாயு என்றார் ஒருவர், கிட்னிக் கல் என்றார் இன்னொருவர், சுளுக்கு என்றார்கள் மற்றவர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போய் முதுகை அழுத்தி நீவிவிட்டதும் வலி இரட்டிப்பானது. ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள், வலிப்பட்டவரைத் தவிர.

நான்காவது வாரத்தில் வேறொரு எலும்பு மருத்துவர், அம்மாவை நிற்க வைத்துப் பக்கவாட்டில், முதுகின் மேல்பாதியும் தெரியும்படி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகள் முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு முன்பக்கம் நசுங்கி, கதவுக்கு அடியில் செருகும் ஆப்பைப்போல இருந்தது. முதல் படத்தில் அது ஏன் தெரியவில்லை என்று கேட்டோம். அவர் இரண்டு காரணம் சொன்னார். இடுப்பில் வலி என்றதும் இடுப்பை மட்டும் படம் எடுத்தால், சற்று மேலே உடைந்திருக்கும் எலும்பு படத்தின் ஓரத்தில் போய்விடும். இன்னொன்று, இத்தகைய எலும்பு விழுந்த அன்றே முழுதாக நசுங்குவதில்லை. நாட்கள் போகப் போகத்தான் அமுங்கும். முதல் படம் சரியாக இருந்தும் வலி குறையவில்லை என்றால், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். உடைப்பு புதிதா பழையதா என்பதையும் எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

வெறுமனே உட்கார்ந்ததற்கா முதுகெலும்பு உடையும் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம்.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நெட்டாக நிற்கும் மூங்கில்களைக் குறுக்குக் கட்டைகள் பிடித்திருக்கும். குறுக்குக் கட்டு ஒன்று விட்டு ஒன்றாக அவிழ்ந்துவிட்டால், நிற்கும் மூங்கில் தாங்கும் பளு பாதியாகக் குறையும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது கால்வாசியாகிவிடுகிறது. ஏனென்றால் மூங்கில் நசுங்குவதில்லை, வளைந்து ஒடிகிறது. முள்ளெலும்பின் உள்ளேயும் இப்படித்தான். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே தேன்கூடுபோன்ற இழைகள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பைக் காத்துவந்த ஹார்மோன் குறைகிறது. பழைய எலும்பு கரையும் வேகத்துக்குப் புதிய எலும்பு வளர்வதில்லை. குறுக்கு இழைகள்தான் முதலில் மெலிந்து அறுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எலும்பின் அளவு அப்படியே இருக்கும், வலியும் இருக்காது. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ, பலமாக இருமும்போதோ, சறுக்கி உட்காரும்போதோ பளு எலும்பின் முன்பக்கம் இறங்கி, அந்தப் பக்கம் மட்டும் அமுங்கிவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று எலும்புகள் அமுங்கினால் அதுதான் கூன். வயதானால் கூன் விழத்தான் செய்யும் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இத்தகைய முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் மருத்துவரின் கவனத்துக்கே வருகிறதாம். டெல்லியில் 50 வயதைத் தாண்டிய ஆண்களையும் பெண்களையும் படம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு முள்ளெலும்பு முறிவு இருந்தது. நம் மாநிலத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தப் பகுதியில் நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எலும்பு மெலிவு இருந்தது. அவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

வலியை வைத்து எப்படிச் சந்தேகிப்பது? வயது அறுபதைத் தொட்ட பெண்ணுக்குச் சிறு விழுகைக்குப் பிறகோ, விழாமலேயோ, நடுமுதுகில் திடீர் வலி வருகிறது. படுத்தால் தணிகிறது, புரளும்போதும் எழும்போதும் உயிர் போகிறது. முதுகுத்தண்டின் நடுக்கோட்டில் ஒரே இடத்தில் விரலால் மெல்லத் தட்டினால் துடிக்கிறார். இவை சேர்ந்து இருந்தால் யாரும் நீவிவிட வேண்டாம், படம் எடுங்கள். வேறு சில அறிகுறிகள் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. கால் வலுவிழத்தல், உட்காரும் இடம் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது தானாகக் கசிதல் ஆகியவை நரம்பு நசுங்குவதைக் காட்டும். அப்போது 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு ஆகியவை இருந்தால் காசநோயும் புற்றுநோயும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எலும்பு மெலிவு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்த அம்மாவிடம் மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "இத்தனை வருஷமா முட்டிவலிக்கு என்ன சாப்பிட்டீங்க? காலி அட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க." மருமகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய கலவை மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தது. நீண்ட நாள் தின்றால் எலும்பைக் கரைக்கும் மருந்து அது. முகம் ஊதி 'உடம்பு தேறியிருக்கு' என்று நாமே அவரைப் பாராட்டியிருக்கிறோம்! ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அதனால் மயக்கமும் ஆபத்தும் வரும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிகிச்சை என்றதும் எல்லோரும் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடுகிறார்கள். படுக்கை எலும்பையும் தசையையும் இன்னும் கரைக்கும். வலி கடுமையாக உள்ள சில நாள் ஓய்வு, அதன் பிறகு வலிமாத்திரையின் துணையோடு எழுந்து மெல்ல நடப்பது. எழும்போது நேராக எழக் கூடாது. உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் கடையில் கேட்டு வலிமாத்திரை வாங்கினால் சிறுநீரகம் கெடும். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி அடங்கிவிடும். முள்ளெலும்புக்குள் சிமெண்ட் ஊசி போடுவதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எடுத்த எடுப்பில் அதற்குக் கடன் வாங்க வேண்டாம்.

தொழுகை பற்றி அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். முன்னால் குனிவதுதான் நசுங்கிய எலும்பை மேலும் நசுக்கும் அசைவு. ஆகவே எலும்பு கூடும்வரை ருகூஃவும் ஸஜ்தாவும் முழுமையாகச் செய்யாமல், நாற்காலியில் அமர்ந்து தலைச் சைகையால் தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது. நாற்காலியில் உட்கார்ந்தும் இடுப்பை வளைத்து முன்னால் சாய்ந்தால் பயனில்லை, தலையை மட்டும் அசைத்தால் போதும்.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. வலி போனதும் எல்லோரும் சிகிச்சை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு முள்ளெலும்பு உடைந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்றும் உடைகிறது. அதற்குப் பிறகு இடுப்பு மூட்டு முறியும் வாய்ப்பும் கூடும். ஆகவே எலும்புக்கு மருந்து வேண்டும். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட் மருந்தோ புதிய முள்ளெலும்பு முறிவைப் பாதியளவுக்காவது குறைக்கும். இவை வலிமருந்து அல்ல என்பதால் சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, வைட்டமின் டி, கால்சியம் குறைவைச் சரிசெய்து, பல் பிடுங்கும் வேலை இருந்தால் முடித்துக்கொள்ள வேண்டும்.

வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் உண்ணாமல், படுக்காமல் இருக்க வேண்டும். டீயோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழல் புண்ணாகும். ரமலானில் எந்த நேரத்தில் விழுங்குவது என்பதை நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் பயன் இருக்காது.

வெயில் விஷயத்திலும் நாம் ஏமாறுகிறோம். காலை ஏழு மணி வெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். திருப்பதியில் அளந்து பார்த்ததில் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை உள்ள வெயிலில்தான் அது நன்றாக உண்டாகிறது. நம் பெண்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குள்தான் இருப்பார்கள். மறைவான மொட்டை மாடியில் கையும் காலும் வெயிலில் படச் சிறிது நேரம் இருக்கலாம். முடியாதவர்கள் இரத்தத்தில் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். கால்சியத்துக்கு மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டுமென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240, நூறு கிராம் ராகி மாவில் 350 அளவுக்கு இருக்கும். மீதத்தைத் தயிர், எள், கீரையில் தேட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இளவயது உயரம் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தால் ஏறக்குறைய அந்த உயரம் கிடைக்கும். இப்போதைய உயரம் அதைவிட நான்கைந்து சென்டிமீட்டர் குறைவாக இருந்தால், அல்லது குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கும்போது பின்தலை சுவரைத் தொடவில்லையென்றால், மருத்துவரிடம் காட்டி டெக்ஸா பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அந்த அம்மாவை அளந்தபோது ஆறு சென்டிமீட்டர் குறைவாக இருந்தார். படத்தை மறுபடி பார்த்த மருத்துவர், மேலே இன்னோர் எலும்பும் பழைய நசுங்கலோடு இருப்பதைக் காட்டினார். அது எப்போது உடைந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அரிசி மூட்டையை நகர்த்தியபோது ஒரு மாதம் முதுகு வலித்ததாக மருமகள்தான் நினைவுபடுத்தினார்.

இப்போது நம் நோட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதுவதில்லை. வயது, எப்படி விழுந்தார், படம் எடுத்தாரா, ஸ்டீராய்டு உண்டா என்று நான்கு கேள்விகள் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். சுவரில் ஓர் அளவுகோலும் வரைந்திருக்கிறோம். நாற்காலிக் கழிப்பறை இரண்டும் வாக்கர் மூன்றும் அலுவலகத்தில் உள்ளன. தேவைப்படுவோர் வாங்கிப்போய், எலும்பு கூடியதும் திருப்பித் தரலாம்.