ஷிப்ட் மாறும் அந்த ஒரு ராத்திரி

ஒரு நூற்பாலையை நினைத்துக்கொள்வோம். காலை ஷிப்ட் 6 மணிக்கு. முதல் பஸ் வருவதோ ஆறேகாலுக்கு. அதனால் 6, 2, 10 என்ற நேரத்தை 7, 3, 11 என்று மாற்ற நிர்வாகம் முடிவு செய்கிறது. 'நாளை முதல்' என்று நோட்டீஸ் ஒட்டினால் போதுமா?

போதாது. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

நோட்டீஸில் காரணமும் தேதியும் இருக்கும். விட்டுப்போவது, நேரம் மாறுகிற அந்த ராத்திரி. 10 மணிக்கு வேலைக்கு வந்தவர் 6 மணிக்குக் கிளம்பினால், 7 மணி வரை மெஷினை யார் பார்ப்பது? அவரே நின்றால், வாரக் கணக்கு 48 மணி நேரத்தைத் தாண்டும்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். ஞாயிறு விடுமுறை முடிந்து, திங்கள் காலை 7 மணிக்குப் புது நேரத்தைத் தொடங்கினால் இந்தச் சிக்கலே வராது.

இன்னொன்று. ராத்திரி 11 மணிக்கு வெளியே வருபவருக்குக் கடைசி பஸ் இருக்குமா? நோட்டீஸ் ஒட்டும் முன்பே ஆலை வேனுக்கு ஏற்பாடு செய்து, அது புறப்படும் நேரத்தையும் நோட்டீஸிலேயே எழுதிவிட வேண்டும்.