அட்வான்ஸ் திரும்பி வருமா?

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால், குற்றாலம், தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கம் பல குடும்பங்களுக்கு ஒரு வீட்டுத்தொழில் தொடங்கிவிடும். மாடியையோ பக்கத்து வீட்டையோ சீசனுக்கு வருகிறவர்களிடம் நாள் வாடகைக்கு விடுவதுதான் அது. தொலைபேசியில் வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மூன்று. பணத்தை எப்படி அனுப்ப? அட்வான்ஸ் எவ்வளவு? வரமுடியாமல் போனால் திரும்பி வருமா? இந்த மூன்றுக்கும் நம் ஊர் வீட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் பதில்களைத்தான் இன்று எடைபோடப் போகிறேன்.

பலரிடம் இருப்பது ஒரே வரி. "எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது." பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், இதைவிட மோசமான பதில் கிடையாது. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஆடி மாதத்து ஒரு வாரக்கடைசி. இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீடு, ஒரு நாளுக்கு 4,000 ரூபாய். மதுரைக் குடும்பம் ஒன்று வெள்ளி, சனி இரண்டு இரவுக்குச் சொல்லிவைக்கிறது. மொத்தம் 8,000. அட்வான்ஸ் 2,000 அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை மாலையில் போன் வருகிறது. "அண்ணாச்சி, அம்மாவுக்கு உடம்புக்கு முடியலை, வர முடியாது."

வீட்டுக்காரர் தேடிப்பார்த்ததில் வெள்ளிக்கு ஆள் கிடைக்கவில்லை, சனிக்கு மட்டும் ஒரு குடும்பம் 3,500-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வெள்ளியில் 4,000, சனியில் 500, ஆக 4,500 ரூபாய் நட்டம். அட்வான்ஸ் 2,000-ஐ வைத்துக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. இப்போது கணக்கை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்திலேயே வேறு குடும்பம் இரண்டு நாளுக்கும் முழு வாடகைக்கு வந்துவிட்டது. நட்டம் ஒன்றுமில்லை. அப்போதும் 2,000-ஐத் தரமாட்டேன் என்றால், ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கியதாக ஆகிறது. முன்னதில் நியாயமாக இருந்த அதே வரி, பின்னதில் அநியாயமாகிவிடுகிறது. கோளாறு தொகையில் இல்லை, "எக்காரணம் கொண்டும்" என்பதில் இருக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் தண்டத்தொகை ஒன்றை எழுதி வைத்திருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எழுதிய தொகை முழுவதும் தானாகக் கைக்கு வந்துவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வகைப்படுத்துகிறது.

அப்படியானால் நல்ல பதில் எப்படி இருக்கும்? நாளும் ரூபாயும் சேர்ந்து இருக்கும். "ஏழு நாளுக்கு முன்பே சொன்னால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு, இரண்டு நாளுக்கு முன்பு வரை சொன்னால் பாதி வரும். கடைசி இரண்டு நாளில் சொன்னால் வராது. ஆனால் வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டால், எங்களுக்குக் குறைந்த வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுவோம்." அந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். வார நாட்களுக்கு ஏழு நாள் அவகாசம் தேவையில்லை, மூன்று போதும். அட்வான்ஸும் மொத்தத்தில் கால்பங்கைத் தாண்ட வேண்டியதில்லை. முழு வாடகையையும் முன்கூட்டியே கேட்டால், தகராறு வந்தால் திருப்பித் தரவேண்டிய தொகையும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

இனி குற்றாலத்துக்கே உரிய கேள்வி. அருவியில் குளிக்கத் தடை போட்டால்? 2024 மே 17-இல் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தடை வந்தால் அதை மீறி யாரும் போகக்கூடாது, போகச் சொல்லவும் கூடாது. வீட்டுக்காரர், "வீடு திறந்துதானே இருக்கிறது, தடைக்கு நான் பொறுப்பா?" என்பார். வந்தவர், "அருவிக்குத்தானே வந்தோம்" என்பார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

எழுதும்போது இரண்டு விஷயம் தெளிவாக இருக்கட்டும். எந்த அருவி? பேரருவியில் தடை இருக்கும்போது புலியருவியில் குளிக்க விடுகிற நாள் உண்டு. ஆகவே எல்லா அருவிகளிலும் தடை என்றால்தான் விதி பொருந்தும் என்று சொல்லிவிடுங்கள். எந்த நேரம்? இரவில் போட்ட தடையைக் காலையில் எடுத்துவிடுவதும் நடக்கிறது. ஆகவே, "புறப்படும் நாள் காலை எட்டு மணிக்கு மாவட்ட நிர்வாகத்தின் தடை எல்லா அருவிகளிலும் இருந்தால், நீங்கள் கிளம்பும் முன் சொல்லுங்கள். வேறு தேதி தருகிறோம், அல்லது அட்வான்ஸைத் திருப்பித் தருகிறோம்" என்று எழுதலாம். வந்து தங்கிய பிறகு தடை வந்தால், தங்கிய இரவின் வாடகை வீட்டுக்காரருக்குச் சேரவேண்டியதுதான். தங்காத இரவை விட்டுக்கொடுப்பது என் பார்வையில் நல்ல வழக்கம். ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே தண்ணீர் விழுகிறது என்பதால், தேதி மாற்றுவதில் வீட்டுக்காரருக்கும் ஆதாயம் உண்டு.

நான் பார்த்த பதில்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒன்று உண்டு. வீட்டுக்காரரே வீட்டைத் தரமுடியாமல் போனால் என்ன? மோட்டார் எரிந்துபோகலாம், வீட்டில் துக்கம் நேரலாம், ஒரே நாளை இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கலாம். அப்போது முழு அட்வான்ஸும் அன்றைக்கே திரும்ப வேண்டும். இதை எழுதாத பதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதிய பதில்.

பாத்திரம், சாவி, படுக்கைக்கான காப்புத்தொகையை அட்வான்ஸோடு கலக்காதீர்கள். எண்ணெய்க் குளியல் நடக்கிற ஊர் இது. விரிப்பில் எண்ணெய் பட்டால் எவ்வளவு என்று தனியே சொல்லிவிட்டால், கிளம்பும் நேரத்துச் சண்டை குறையும்.

பணம் அனுப்பும் முறைக்கு வருவோம். ரொக்கம், யுபிஐ இரண்டையும் வாங்குவோம் என்பதோடு நிறுத்தாமல், க்யூஆரை ஸ்கேன் செய்தால் திரையில் யார் பெயர் தெரியும் என்பதையும் எழுதுங்கள். பல வீடுகளில் கணக்கு மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருக்கும். வேறு பெயரைப் பார்த்ததும் வாடிக்கையாளர் பயப்படுவது இயல்பு. கூட்ட நாளில் சிக்னல் இழுக்கும். அவர் கணக்கில் பணம் குறைந்து உங்கள் கணக்கில் ஏறாமல் போனால், மறுநாளுக்குள் அது அவருக்கே திரும்பிவிட வேண்டும் என்பது தனிநபர் கணக்குகளுக்கு ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்த கெடு. அதுவரை இன்னொரு முறை அனுப்பச் சொல்லி நெருக்காதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "இரண்டாயிரத்துக்குப் பதில் இருபதாயிரம் அனுப்பிட்டேன், மிச்சத்தை இந்த எண்ணுக்குப் போடுங்க" என்று படம் அனுப்பினால் நம்பாதீர்கள். குறுஞ்செய்தியையும் நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. திருப்பித் தருவது எப்போதும் பணம் வந்த அதே கணக்குக்குத்தான் என்றும் எழுதிவிடுங்கள். யுபிஐயில் அந்த வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். பத்து நாள் ஆகும் என்று ஒரு வீட்டுத்தொழில் சொல்வதற்குக் காரணமே இல்லை.

சீசனுக்கு வீடு விடுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். இந்தப் பதில்களைப் பத்து வரியில் எழுதி, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வாங்கிய பிறகு காட்டுகிற விதி வந்தவரைக் கட்டுப்படுத்தாது.